Cr என்றால் கடன் இல்லை, வரவு

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்கு மாதாமாதம் ஃபேக்டரியிலிருந்து இலைக் கணக்கு வருகிறது. முன்பு துண்டுத்தாளில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் வந்தவரை தொல்லை இல்லை. கிரெடிட், டெபிட் என்பதன் சுருக்கமாக Cr, Dr என்று போட்டிருக்கும், புரியாதவர் ஏஜெண்டைக் கேட்டுக்கொள்வார். அதைத் தமிழாக்குகிறேன் என்று யாரோ கிளம்பி, கடைசி வரியில் 'கடன் இருப்பு ரூ.1,650.00' என்று அச்சடித்திருக்கிறார்கள். படித்த அம்மா பதறிப்போய் ஏஜெண்டைக் கூப்பிட, அவர் சொன்ன பதில்: "அக்கா, நீங்க தரவேண்டியதில்ல, உங்களுக்குத்தான் வரணும்." இதே 'கடன் இருப்பு' கூட்டுறவு சங்கத் தாளிலும், உரக்கடை பில்லிலும், மகளிர் குழுக் கணக்கிலும் தலைகாட்டுகிறது. ஒவ்வொரு இடத்திலும் அது நேர் எதிர்ப்பொருளைத் தருகிறது.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். Dr, Cr இரண்டும் லத்தீன் வழி வந்தவை. முதலாவதற்கு வேர் 'தரவேண்டியிருக்கிறான்' என்ற பொருளுள்ள வினை, இரண்டாவதற்கு வேர் 'நம்புகிறான்' என்ற பொருளுள்ள வினை. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலையும் இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சேற்றியவர் லூக்கா பசியோலி என்ற துறவி. முறை அவருக்கு முன்பே வணிகர்களிடம் இருந்தது. தமிழில் இதற்கு நிகரான சொற்களைப் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. பற்று என்றால் பிடித்துக்கொள்வது, எடுத்துக்கொள்வது. மளிகைக் கடையில் 'என் பற்று எவ்வளவு?' என்று கேட்டால், நான் எடுத்துப்போன சரக்கின் கணக்கு எவ்வளவு என்று பொருள். வரவு என்றால் வந்தது. Dr பற்று, Cr வரவு. நம் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூல் இந்த இரண்டையும்தான் வைத்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த சொல் அச்சகத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

எப்படிப் போனது என்றும் ஊகிக்க முடிகிறது. அகராதியில் கிரெடிட் என்று தேடினால் முதலில் நிற்பது கடன். தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தின் பலகையில் அது சரியான சொல், ஏனென்றால் அங்கே பேசப்படுவது கொடுக்கும் கடன். கடன் அட்டையிலும் சரிதான். ஆனால் தொகையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் Cr ஒரு பக்கத்தின் பெயர், அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறவர் உங்கள் பெயருக்கு எந்தப் பக்கத்தில் தொகையைப் போட்டார் என்பதை மட்டும் அது சொல்கிறது. ஃபேக்டரியின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு வரவு நின்றால் ஃபேக்டரி உங்களுக்குத் தரவேண்டும். பற்று நின்றால் நீங்கள் தரவேண்டும். 'கடன் இருப்பு' என்று எழுதினால் யாருக்கு யார் கடன் என்பது மறைந்துபோகிறது. தமிழ்க் காதுக்குக் கடன் என்றாலே வாங்கியவன் மேல் நிற்பதுதானே? அதனால்தான் படிப்பவர் எப்போதும் தன் மேலேயே எடுத்துக்கொள்கிறார்.

மைனஸ் இருப்புக்கு 'எதிர்மறை இருப்பு' என்ற இன்னொரு கண்டுபிடிப்பும் உலவுகிறது. அது இதைவிட மோசம். எதிர்மறை இலக்கணத்துக்குரிய சொல், 'வாராத', 'செய்யாத' போன்றவற்றுக்கு. கணக்குப் பாடத்தில் மைனஸ் எண்ணைக் குறை எண் என்று சொல்லி வளர்ந்திருக்கிறோம், அதையே வைத்துக்கொள்ளலாம். சிலர் 'கழிவு' என்கிறார்கள். இலை எடை போடும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் பிடிப்பதைக் கழிவு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பணப் பத்தியிலும் அதையே போட்டால் சண்டைக்கு வழி வைத்த மாதிரி.

சரி, அந்த 1,650 எப்படி வந்தது என்று பார்ப்போம். படத்தில் இருந்த தொகைகள் இவை, நாள் மட்டும் விட்டிருக்கிறேன்:

```
விவரம்              பற்று       வரவு        இருப்பு
தொடக்க இருப்பு                              4,500.00 Dr
இலை 620 கிலோ × 20               12,400.00   7,900.00 Cr
அட்வான்ஸ்           5,000.00                2,900.00 Cr
உரம்                1,850.00                1,050.00 Cr
உரம் திருப்பியது    (600.00)                1,650.00 Cr
```

மேலிருந்து வரலாம். மாதத் தொடக்கத்தில் 4,500 பற்று, அதாவது அந்த அம்மா தரவேண்டியது. இலை 12,400-க்கு வந்தது, பழைய பாக்கி போக 7,900 அவருக்கு வரவேண்டும். இடையில் வாங்கிய அட்வான்ஸும் உரமும் போக 1,050. கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 600, அதுவும் பற்றுப் பத்தியில். அடைப்புக்குறி என்றால் குறை எண். பற்றுப் பத்தியில் குறை எண் வந்தால் பற்று குறைகிறது, அதாவது அவருக்கு 600 கூடுகிறது. ஒரு மூட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதற்கான வரி அது. கணக்கர் அதை வரவுப் பத்தியில் 600 என்று எழுதியிருந்தாலும் முடிவு ஒன்றுதான். முதலில் போட்ட பற்றையே திருப்புகிறோம் என்று காட்டத்தான் அதே பத்தியில் அடைப்புக்குள் போடுகிறார்கள். ஆகவே 'அடைப்புக்குறி என்றால் நமக்கு நஷ்டம்' என்று சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அது நிற்கும் பத்தியைப் பார்த்த பிறகுதான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

இப்போது படத்தின் தொல்லைக்கு வருவோம். மடித்த தாளை, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோவில் முதலில் அழிவது இந்த அடைப்புக்குறிதான். சில சமயம் இடது குறி 1 போலத் தெரிந்து 600 என்பது 1600 ஆகிவிடும். இரண்டு குறியும் மங்கிவிட்டால் வெறும் 600. அதை அப்படியே பற்று என்று கூட்டினால் இறுதி இருப்பு 450 வரும். தாளில் இருப்பது 1,650. வித்தியாசம் 1,200, அதாவது 600-இன் இரண்டு மடங்கு. கணக்கெழுதுபவர்கள் காலங்காலமாகக் கையாளும் சோதனை இது. கணக்கு உதைத்தால், உதைக்கும் தொகையைப் பாதியாக்கி, அந்தத் தொகை ஏதாவது வரியில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அதன் குறி மாறியிருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு.

இருப்புப் பத்தி இருக்கிற தாளில் அந்தத் தேடலும் வேண்டாம். முந்தைய வரியின் இருப்பையும் இந்த வரியின் இருப்பையும் பாருங்கள். 1,050 வரவு 1,650 வரவாக ஏறியிருக்கிறது. உரம் வாங்கியிருந்தால் இறங்கியிருக்க வேண்டும். ஆக அந்த 600 என்ன குறியோடு அச்சாகியிருந்தாலும், அச்சாகாவிட்டாலும், அது அவருக்குச் சேர்ந்த தொகை. குறி மங்கலாம், இருப்பு பொய் சொல்லாது. இருப்பிலும் ஒரு கவனம் வேண்டும். தொடக்கத்தில் Dr, அடுத்த வரியில் Cr என்று பக்கம் மாறுகிறது அல்லவா? அங்கே 4,500-ஐயும் 7,900-ஐயும் கழித்துப் பார்த்தால் 3,400 என்று வரும், இலைத்தொகையோடு ஒட்டாது. பக்கம் மாறினால் இரண்டையும் கூட்ட வேண்டும். 4,500-உம் 7,900-உம் சேர்ந்தால் 12,400.

சில ஃபேக்டரிகளும் கம்பெனிகளும் மைனஸை வாலில் போடுகின்றன: `600.00-` என்று. பழைய கணினி அச்சுகளின் பழக்கம் அது. எண்கள் வலப்பக்கம் நேராக நிற்க, குறிக்கென்று கடைசியில் ஒரு கட்டம் ஒதுக்குவார்கள். போட்டோவில் வலது ஓரம் வெட்டுப்பட்டால் மைனஸும் போயிற்று. இதில் நம் நாட்டுக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. பில்லில் `600/-` என்று எழுதுகிறோமே, அதற்கு மைனஸ் என்று பொருளில்லை, பைசா இல்லை, முழு ரூபாய் என்று மட்டும் பொருள். மங்கிய படத்தில் சாய்கோடு அழிந்தால் அதுவும் `600-` தான். பைசாவைப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். `.00` என்று பைசா அச்சாகியிருக்கிற இடத்தில் `/-` தேவையில்லை, சிலர் பழக்கத்தில் போட்டாலும் `600.00-` என்பது பெரும்பாலும் குறை எண்தான். பைசா இல்லாமல் வெறும் `600-` என்று கண்டால் இருப்பைப் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது.

இந்தத் தொகைகளை எக்செலில் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். (600) என்று தட்டினால் எக்செல் அதை -600 என்று எடுத்துக்கொள்ளும். 600- என்று தட்டினால் எழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டு, SUM போட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Text to Columns போய், Advanced என்பதில் `Trailing minus for negative numbers` டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து முடித்தால் சரியாகிவிடும். Cr, Dr வாலோடு ஒட்டிய தொகையும் எழுத்துதான், கூட்டலில் சேராது.

வாலில் வரும் Cr-இலும் இரண்டு வகை இருக்கிறது. மேலே காட்டிய தாளில் ஒவ்வொரு இருப்பின் வாலிலும் Cr அல்லது Dr இருக்கிறது, அது பக்கத்தின் பெயர். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் பெரும்பாலும் செலவுகளுக்கு ஒன்றும் இருக்காது, நாம் கட்டிய தொகைக்கும் திரும்பி வந்த பணத்துக்கும் மட்டும் Cr இருக்கும். அங்கே Cr கிட்டத்தட்ட மைனஸ் வேலையைச் செய்கிறது. COBOL என்ற பழைய கணினி மொழியில் இது விதியாகவே இருந்தது. அச்சு அமைப்பில் `CR` என்று போட்டாலும் `DB` என்று போட்டாலும், எண் குறையாக இருந்தால் மட்டும் அந்த எழுத்துகள் அச்சாகும், இல்லையென்றால் இரண்டு வெற்றிடம். அப்படி வந்த தாள்களில் Cr-க்கு வரவா பற்றா என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, குறை எண் என்று படித்துவிட்டுப் போகலாம்.

நீலகிரியில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. இலங்கைக் கணக்கியல் தமிழில் Dr பக்கத்தை வரவு என்றும் Cr பக்கத்தைச் செலவு என்றும் எழுதுவார்கள். வாங்கிக்கொள்ளும் கணக்குக்கு வரவு, கொடுக்கும் கணக்குக்குச் செலவு என்ற தர்க்கத்தில் அது சுத்தமான வழக்கு. அங்கே படித்த பெரியவர் ஒருவர் நம் பாடநூல்படி அச்சான தாளில் 'வரவு' என்று கண்டால் Dr என்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. ஆகவே தமிழாக்குகிறவர்கள் வரவு, பற்று என்று எழுதி, Cr, Dr-ஐயும் பக்கத்திலேயே விட்டுவைக்கட்டும். இருப்பு வரிக்குக் கீழே 'ஃபேக்டரி தரவேண்டியது' அல்லது 'விவசாயி தரவேண்டியது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எந்தக் கரையில் படித்தவரும் ஏஜெண்டுக்கு போன் போடமாட்டார். இதற்கு மொழிப்புலமை வேண்டாம், அந்த ஐந்து வரியை ஒருமுறை கூட்டிப் பார்க்கும் பொறுமை போதும். அதுகூட இல்லாமல் அகராதியின் முதல் வரியைப் பெயர்த்து வைக்கிறார்கள். அச்சான பிறகு மாற்றச் சொன்னால், 'எல்லாரும் அப்படித்தான் போடறாங்க சார்' என்கிறார்கள்.