பெயரில் ஒரு @ வந்ததும் கணினி ஏன் தொங்குகிறது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்குச் சம்பள மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. தொழிலாளர் பெயரைச் சரிபார்க்க அந்த மென்பொருள்களில் இப்படி ஒரு ரெகெக்ஸை அடிக்கடி பார்க்கிறேன்:

```
^([A-Z/]+\s?)+$
```

எழுத்துகள், ஒரு இடைவெளி, மறுபடியும் எழுத்துகள். சோதனையில் எல்லாப் பெயரும் நொடியில் தேறிவிடும். அப்புறம் ஒருநாள் கிராணி அடையாள அட்டையைப் பார்த்து இதைத் தட்டுவார்:

```
SUBRAMANIAM A/L KALIYAPERUMAL @ RAJU
```

திரை அப்படியே நிற்கும். பிழைச் செய்தி வராது, நினைவகமும் ஏறாது. ப்ராசஸரின் ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் ஓடும். இந்த அடையாளம் தெரிந்தால் ரெகெக்ஸைச் சந்தேகியுங்கள்.

காரணம் `+`க்கு வெளியே இன்னொரு `+` இருப்பதுதான். நடுவில் இடைவெளி கட்டாயமில்லை என்பதால் ஒரே சொல்லை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். A/L என்பதை முழுசாக எடுக்கலாம்; A, /L என்றோ A/, L என்றோ பிரிக்கலாம்; மூன்று தனித் துண்டுகளாகவும் ஆக்கலாம். ஆக நான்கு வழி. ஓர் எழுத்து கூடினால் வழிகள் இரட்டிப்பாகும்: 11 எழுத்து SUBRAMANIAMக்கு 1024, 13 எழுத்து KALIYAPERUMALக்கு 4096. மூன்றையும் பெருக்கினால் 16,777,216. பெயர் தேறினால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும். @ வந்து தோற்றால், "வேறு மாதிரி வெட்டியிருந்தால் பொருந்தியிருக்குமோ" என்று எஞ்சின் பின்வாங்கிப் பின்வாங்கி அத்தனையையும் முயன்று பார்க்கும். பைத்தானில் இது வினாடிக் கணக்கு. இன்னும் பத்து எழுத்து கூடினால் 1024 மடங்கு. அரைமணி, ஒரு மணி என்று போகும்.

அடைப்புக்குள் @ஐச் சேர்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர்கள் உண்டு. எனக்கு இதில்தான் கவலை. நாளைக்கு ஒரு புள்ளியோ, எக்செலிலிருந்து ஒட்டிய இரட்டை இடைவெளியோ வந்தால் அதே கதைதான். வெட்டும் வழி ஒன்றே ஒன்றாக இருக்கும்படி எழுத வேண்டும்:

```
^[A-Z/@]+(\s[A-Z/@]+)*\s?$
```

இங்கே அடுத்த துண்டு தொடங்க இடைவெளி கட்டாயம். சொல்லை நடுவில் வெட்டினால் அடுத்து இருப்பது எழுத்து, இடைவெளி இல்லை. அந்த வழி அங்கேயே அடைபடும். தவறான பெயரும் உடனே நிராகரிக்கப்படும்.

அமைப்பை மாற்ற முடியாத இடத்தில், பைத்தான் 3.11 முதல் `[A-Z/@]++` என்று எழுதலாம். எடுத்ததை அது திருப்பித் தராது. ஜாவாவிலும் இது உண்டு, ஜாவாஸ்கிரிப்டில் கிடையாது. கோ மொழியின் எஞ்சின் பின்வாங்கவே செய்யாததால் அங்கே இந்தச் சிக்கலே எழாது.

சோதிக்கும்போது சரியான பெயர்களை மட்டும் கொடுக்காதீர்கள். 20 A, கடைசியில் ஒரு `!` கொடுத்து நேரம் பாருங்கள். பிறகு 22, 24 என்று கூட்டுங்கள். இரண்டு எழுத்துக்கு நேரம் நான்கு மடங்காகிறது என்றால் அந்த ரெகெக்ஸை மாற்றி எழுதுங்கள்.