பொய்லர் நின்றால் மேட்ரிக்ஸை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது?

கொழும்பில் தொழிற்சாலை பொய்லர்களின் பாதுகாப்புச் சுற்றுகளைச் சோதிப்பது என் வேலை. பல பொய்லர் அறைகளில், எது நடந்தால் எது நிற்கும் என்று காட்டும் காரண–விளைவு மேட்ரிக்ஸ் அட்டவணை சுவரிலேயே ஒட்டியிருக்கும். ஆனால் பொய்லர் நின்றதும் யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை.

ஃபர்னஸ் ஒயிலில் ஓடும் பொய்லர் ஒன்றின் மேட்ரிக்ஸில் ஒரு சிறு பகுதி இது:

```
            XV-1  XV-2  FAN
LSLL-101     X     X
PSLL-201     X     X
BSL-301      X     X
HS-1         X     X     X
```

இடப்பக்கம் உள்ளவை காரணங்கள்: தண்ணீர் மட்டம் மிகக் குறைவு, எரிகாற்றின் அழுத்தம் குறைவு, சுடர் இல்லை, அவசர நிறுத்தப் பொத்தான். மேலே இருப்பவை விளைவுகள்: இரண்டு எரிபொருள் வால்வுகளும் மூடும், விசிறி நிற்கும். X உள்ள கட்டம்தான் இரண்டையும் இணைக்கிறது. வெற்றுக் கட்டத்தையும் வாசிக்க வேண்டும். சுடர் அணைந்தாலும் விசிறி நிற்காது; உலையில் தங்கிய எரிபொருள் ஆவியை வெளியே தள்ள அது ஓடியாக வேண்டும். 'எல்லாம் நின்றுவிட்டது, இது மட்டும் ஏன் ஓடுகிறது' என்று கையால் நிறுத்தப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ட்ரிப் ஆவதற்கு முன் என்ன நடக்கும் என்று அறிய வரிசையை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ட்ரிப் ஆன பிறகு வாசிப்பு தலைகீழாகும்: மூடிய வால்வின் நிரலில் தொடங்கி, X உள்ள காரணங்களைத் தேட வேண்டும். XV-1 மூட இங்கே நான்கு காரணங்கள். எது முதலில் வந்தது?

ஒரு தையல் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டில் பதிவானது இது:

```
02:14:07.2  PSLL-201  TRIP
02:14:07.9  XV-1      CLOSED
02:14:09.1  BSL-301   TRIP
```

திரையின் உச்சியில் நின்றது கடைசியாக வந்த சுடர் அலாரம். அதை நம்பிச் சுடர் உணரியைக் கழற்றித் துடைத்தார்கள். ரீசெட் அழுத்தியும் பர்னர் எடுபடவில்லை. நேரத்தைப் பாருங்கள்: வால்வு மூடி எரிபொருள் நின்றதால்தான் சுடர் போனது. அது விளைவின் விளைவு. முதலில் விழுந்தது காற்றழுத்தம். விசிறியின் காற்று உள்வாங்கும் வலையில் துணிப்பஞ்சு படிந்து அடைத்திருந்தது. மோட்டார் ஓடியதால் பனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது; விளக்கு மோட்டாரைத்தான் சொல்கிறது, காற்றை அல்ல. வலையைத் தட்டிச் சுத்தம் செய்ததும் அழுத்தம் ஏறியது, ரீசெட் ஏற்றுக்கொண்டது.

ரீசெட் காரணத்தை நீக்காது. காரணம் நீங்கியபின் ட்ரிப் போட்ட பூட்டை விடுவிக்கும், அவ்வளவுதான்.

அந்த இரவு யாரோ ஒருவர், "PSLL-201ஐ ஜம்பர் போட்டு ஓட்டலாமே" என்றாராம். வயரை இணைத்தால் அந்த வரிசையின் X எல்லாம் ஒன்றாகப் போய்விடும். காற்றில்லாமலும் எண்ணெய் பீச்சும். சுடர் சிறிதளவாவது தெரிந்துகொண்டிருக்கும்வரை BSL-301 அதைக் கண்டுகொள்ளாது.