தீ அணையும் முன்பே ஒரு தொகை எழுத வேண்டும்

பெரிய தீ விபத்து நடந்த மறுநாள் எங்கள் மறுகாப்பீட்டு மேசையில் எப்போதும் ஒரே கேள்விதான் எழும்: "ரிசர்வ் எவ்வளவு போடலாம் சார்?" அதாவது, இந்த இழப்புக்கென்று எவ்வளவு தொகை ஒதுக்குவது. இழப்பை மதிப்பிடும் சர்வேயர் சம்பவ இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். ஆனாலும் எங்கள் காப்பீட்டுப் பொறுப்பில் பங்கு வாங்கிய ரீஇன்சூரர்களுக்கு, இழப்பைத் தெரிவிக்கும் முதல் லாஸ் அட்வைஸ் போயாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்குத் தீயில் சர்வேயர் தொகை சொல்லவில்லை என்பதால், அட்வைஸில் 50 லட்சம் என்று போட்டு அனுப்பினேன். சும்மா ஒரு கணக்குக்குத்தான். எட்டு வாரம் கழித்து அது 18 கோடியாக உயர்ந்தது. பங்கு வாங்கியிருந்த ரீஇன்சூரர் ஒருவர் மூன்றாம் நாள் எடுத்த புகைப்படத்தைத் திருப்பி அனுப்பி, "கூரையே இடிந்து கிடக்கிறது, அன்றைக்கு 50 லட்சம் என்று எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். பதில் இல்லை. பணம் வர 14 மாதம் ஆனது.

அதற்குப் பிறகு வந்தது ஒரு நூற்பாலை. பஞ்சு கோடவுனில் இரவில் தீ. காப்பீட்டுத் தொகை மொத்தம் 150 கோடி. அதில் அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீக்குச் சட்டப்படி தர வேண்டிய கட்டாயப் பங்கு 4 சதவீதம். நாங்கள் வைத்துக்கொண்டது 16, முன்கூட்டியே போட்ட ஒப்பந்தமான சர்ப்ளஸ் ட்ரீட்டிக்குப் போனது 64, அந்த ஆலைக்கென்று தனியாகப் பேசி விற்ற ஃபேக்கல்டேட்டிவ் பங்கு, சுருக்கமாக ஃபேக், 16.

இந்த முறை சர்வேயருக்காகக் காத்திருக்கவில்லை. ஆலையின் ஸ்டோர்ஸ் மேனேஜரிடம் போனில் இரண்டு விஷயம் கேட்டோம். கோடவுனில் எத்தனை பேல் இருந்தது? கடைசியாக வாங்கிய விலை என்ன? 4,000 பேல் என்றார். ஒரு பேல் 170 கிலோ, ஆக 6,80,000 கிலோ. பஞ்சு விலை பேசும் அளவான கேண்டிக்கு 356 கிலோ என்று வகுத்தால் 1,910 கேண்டி. கேண்டி 60,000 ரூபாய் வைத்தால் சுமார் 11.5 கோடி. கட்டடத்துக்கு 3 கோடி, தண்ணீர் புகுந்த, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம் இயந்திரங்களுக்கு 7 கோடி, இடிபாடு அகற்ற அரைக் கோடி. மொத்தம் 22 கோடி.

சிலர் இந்த இடத்தில், "பாதிப் பஞ்சு தப்பிவிடும், அதை விற்று வரும் சால்வேஜ் தொகையைக் கழித்துக்கொள்ளலாமே" என்பார்கள். நான் கழிக்கவில்லை. அழுத்திக் கட்டிய பேல் வெளியே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். நான்காம் நாள் ஒரு பேலின் கட்டை வெட்டியபோது எங்கள் கண்முன்னே உள்ளிருந்து புகை வந்தது. நனைந்த பஞ்சுக்கு விலை நாளுக்கு நாள் இறங்கும். காப்பீடு குறைவாக எடுத்திருந்தால் வரும் கழிவையும் ஸ்டாக் புத்தகம் பார்க்கும்வரை தொடவில்லை. அட்வைஸில் இவை இரண்டையும் கழிக்கவில்லை என்று ஒரு வரி எழுதினோம். தீக்குக் காரணம் "விசாரணையில்" என்று மட்டும் போட்டோம்; வாட்ச்மேன் சொன்ன ஷார்ட் சர்க்யூட் கதை எழுத்தில் ஏறவில்லை. பொறுப்பு இன்னும் ஏற்கப்படவில்லை என்பதும் இருந்தது.

தொகைக்குப் பக்கத்திலேயே, இது 100 சதவீத இழப்பு என்று எழுதி, பங்கைத் தனியே காட்டினோம்: ட்ரீட்டிக்கு 14.08 கோடி, ஃபேக்குக்கு 3.52, எங்களுக்கும் 3.52, ஜி.ஐ.சி. ரீக்கு 88 லட்சம். இதை எழுதாவிட்டால் 22 கோடியையே யாராவது "உங்கள் பங்கு" என்று புரிந்துகொண்டு தன் கணக்கைத் தப்பாகப் போடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு அட்வைஸ் பலருக்கும் தவறிப்போகும். எங்கள் சொந்தப் பங்கில் இழப்பு 5 கோடிக்கு மேல் போனால் மீதியைத் தாங்கும் எக்ஸஸ் ஆஃப் லாஸ் பாதுகாப்பு தனியாக இருந்தது. 3.52 கோடி அதைத் தொடவில்லையே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பாதித் தொகை, அதாவது 2.5 கோடி, தாண்டினாலே தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. முன்னெச்சரிக்கையாக ஒன்று அனுப்பினோம். ஃபேக் பங்குக்கான ஒப்பந்தத் தாளான ஸ்லிப்பிலோ தெரிவிக்கும் கெடு முன்நிபந்தனையாகவே எழுதப்பட்டிருந்தது. கெடு தப்பினால் இழப்பு உண்மையாக இருந்தும் பணம் கையை விட்டுப் போகலாம். அதனால் புரோக்கருக்கு அனுப்பியதோடு நிற்காமல், அவர் ரீஇன்சூரர்களுக்குச் சேர்த்ததற்கான மெயிலையும் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்தோம்.

நாற்பதாம் நாள் ஸ்டாக் கணக்கு வந்தது. சரக்குக்கு மட்டும் 50 கோடிக்குக் காப்பீடு, ஆலை முழுதும் இருந்ததோ 60 கோடிச் சரக்கு. ஆகவே பஞ்சு இழப்பில் ஆறில் ஐந்து பங்குதான். 11.5 கோடி 9.58 ஆனது. இயந்திரம் 8 கோடிக்கு ஏறியது. சால்வேஜ் சுமார் 90 லட்சம் வந்தது. மொத்தம் 20 கோடிக்குக் கொஞ்சம் மேல். 22-லிருந்து 20-க்கு ஏன் இறங்கியது என்று காரணத்தோடு திருத்திய அட்வைஸ் அனுப்பினோம். ஒரே ஒரு கேள்விதான் வந்தது, நனைந்த பேல்களை எத்தனை டெண்டர் பார்த்து விற்றோம் என்று.