பகுதிநேர வேலையில் பிடித்த டி.டி.எஸ்: மாணவர் திரும்ப வாங்குவது எப்படி?

கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு இணையதளம் வடிவமைத்துத் தரும் மாணவியை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை முதல் 2026 மார்ச் வரை மாதம் 8,000 ரூபாய் பேச்சு. ஆறு மாதம் முழுப் பணமும் வந்தது. ஜனவரியில் வந்ததோ 2,400 ரூபாய்தான்.

கணக்கில் தவறில்லை. தொழில்முறைக் கட்டணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, பணம் கொடுக்கும்போதே 10 சதவீதத்தை வரியாகப் பிடிக்க வேண்டும். இதுதான் டி.டி.எஸ். ஏழாவது மாதத்தில் மொத்தம் 56,000 ஆனதால், அந்த முழுத் தொகைக்கும் சேர்த்து 5,600 ரூபாயை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் தலா 800. ஆக மொத்தம் 72,000 ரூபாய்க்கு 7,200 போய்விட்டது. இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு வரியே கிடையாது என்பதால் அத்தனையும் திரும்பி வர வேண்டிய பணம். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் வராது. வங்கியில் வட்டிக்குக் கொடுப்பதுபோல 15ஜி படிவம் கொடுத்துத் தடுத்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 194ஜே பிரிவுக்கு அது செல்லாது.

ரிட்டர்னுக்கு எந்தப் படிவம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "மாதச் சம்பளம்தானே" என்று ஐ.டி.ஆர்-1 போடுகிறார்கள். நிறுவனம் வாய்வார்த்தையில் சம்பளம் என்று சொன்னாலும், வருமான வரித் துறையிடம் எந்தப் பிரிவில் காட்டியிருக்கிறது என்பதே கணக்கு. incometax.gov.in தளத்தில் பான் எண்ணையே பயனர் எண்ணாகக் கொண்டு பதிவு செய்து, e-File > Income Tax Returns > View Form 26AS என்று போனால், உங்கள் பெயரில் பிடித்த வரிகளின் பட்டியலில் அது தெரியும். பிரிவு 192 என்றிருந்தால் சம்பளம், ஐ.டி.ஆர்-1. 194ஜே-யில் தொழில்முறைக் கட்டணத்தைக் குறிக்கும் 194JB என்றிருந்தால் தொழில் வருமானம். இந்த மாணவிக்கு ஐ.டி.ஆர்-4. மாதம் 8,000 வாங்குபவரிடம் வரி பிடித்திருக்கிறார்கள் என்பதே, பெரும்பாலும் அது சம்பளமாகக் காட்டப்படவில்லை என்பதற்கு அடையாளம். சம்பளமென்றால் ஆண்டு வருமானம் வரி வரம்பைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள்.

அதே 26ஏஎஸ்-இல் இன்னொன்றையும் பாருங்கள். பிடித்த தொகைக்கு எதிரே F என்ற எழுத்து இருந்தால் பணம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்தப் பதிவையே காணோம் என்றால், நிறுவனம் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறது. அவர்கள் திருத்தும்வரை பொறுங்கள். ஏப்ரலிலேயே பார்த்துவிட்டுப் பதற வேண்டாம்: ஜனவரி–மார்ச் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க நிறுவனத்துக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. ஜூன் நடுவில், வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழும் கைக்கு வர வேண்டும்.

ஐ.டி.ஆர்-4-இல் 44ஏடிஏ பிரிவின்கீழ் மொத்த வரவு 72,000 என்று எழுதி, குறைந்தது பாதியை, அதாவது 36,000 ரூபாயை, லாபமாகக் காட்டலாம். கணக்குப் புத்தகம் தேவையில்லை. புதிய வரி முறையில் நான்கு லட்சம்வரை வரி இல்லை. வரவுக் கட்டத்தில் 72,000-க்குப் பதில் கைக்கு வந்த 64,800 ரூபாயை எழுதுவது அடிக்கடி நடக்கும் தப்பு. டி.டி.எஸ் முழுதாகக் கேட்டுவிட்டு வரவைக் குறைத்துக் காட்டினால், ரிட்டர்ன் குறைபாடுடையது என்று நோட்டீஸ் வரும். சேமிப்புக் கணக்கு வட்டி இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பானோடு இணைந்ததாக இருக்க வேண்டும்; அப்பாவின் கணக்கு உதவாது. அதைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து, ரீஃபண்டுக்கென்று தேர்வு செய்ய வேண்டும். பானில் "எஸ். கவிதா", வங்கியில் "கவிதா செல்வம்" என்றிருந்தால் சரிபார்ப்பே தோற்கும். முதலில் வங்கியில் பெயரைத் திருத்துங்கள். பணம் திரும்பிப் போயிருந்தால் Services பகுதியில் Refund Reissue கேட்கலாம். பான்–ஆதார் இணைக்காதவர்களுக்கு ரீஃபண்ட் நின்றுவிடும்.

அனுப்பியபின் 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொண்டு சரிபார்க்காவிட்டால் ரிட்டர்ன் போடாததற்குச் சமம். பலர் இந்த இடத்தில் மறந்துவிட்டு, மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

கெடுவுக்குள் போட்டால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டி கிடைக்கும், நம் கணக்கில் மாதம் 36 ரூபாய். தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமதமாகப் போடலாம். வருமானம் வரி வரம்புக்குள் இருப்பதால் அபராதக் கட்டணம் இல்லை, வட்டி மட்டும் குறையும். அந்தத் தேதியையும் விட்டால், அதன்பின் போடக்கூடிய புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க அனுமதியே இல்லை.