வெற்றிலைக் காம்பும் கிளிசரின் மாத்திரையும்

"இவன் தானாக வெளிக்குப் போவதே இல்லை, டாக்டர். மாத்திரை வைத்தால்தான் போகிறான்" என்றார் அந்தப் பாட்டி. மடியில் இரண்டு மாதப் பேரன். தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறான். ஒருமுறை ஐந்து நாட்கள் மலம் கழிக்கவில்லை என்று வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்திருக்கிறார்கள். பிறகு மருந்துக்கடையில் கிளிசரின் மாத்திரை வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் என மூன்று வாரங்கள் வைத்திருக்கிறார்கள். அன்று காலை துடைத்த துணியில் ரத்தக் கோடு தெரிந்ததும் பயந்துபோய் வந்திருந்தார்கள்.

நான் முதலில் கேட்டது, மலம் எப்படி இருக்கிறது என்று. "மஞ்சளாக, குழைவாகத்தான் இருக்கிறது" என்றார் தாய். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு மலச்சிக்கலே இல்லை. மலம் இறுகியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது அல்ல. ஆறு வாரங்களைத் தாண்டிய, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு வாரம், சில சமயம் பத்து நாட்கள்கூட மலம் கழிக்காமல் இருக்கலாம். பால் குடித்து, சிறுநீர் நன்றாகக் கழித்து, எடை ஏறி, வயிறு மெத்தென்று இருந்தால் காத்திருப்பதில் தவறில்லை.

"ஆனால் முகம் சிவந்து, முக்கி முக்கி அழுகிறானே?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. மலம் வெளியேற, வயிற்றை இறுக்குவதும் ஆசனவாயைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு இது இன்னும் கைவரவில்லை. வயிற்றை இறுக்கும்போதே கீழேயும் இறுக்கிக்கொள்கிறது. பத்து, இருபது நிமிடம் அழுது தவித்தபின் வருவதோ இளகிய மலம். சில வாரங்களில் இந்த ஒத்திசைவு தானாக வந்துவிடும். கிளிசரின் மாத்திரை மலக்குடலின் சுவரைச் சீண்டி, நீரை இழுத்து, உடனே வெளியேற்றிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து இப்படித் தூண்டினால், அந்தப் பழக்கத்தைக் குழந்தை எப்போது கற்றுக்கொள்ளும்?

பரிசோதித்ததில் ஆசனவாயின் ஓரத்தில் சிறு வெடிப்பு இருந்தது. காம்பு, சோப்புத் துண்டு, மாத்திரை எதுவானாலும் அந்த மெல்லிய சவ்வைக் கீறிவிடும். சோப்பு அதைப் புண்ணாக்கவும் செய்யும். பிறந்த முதல் நாளே கருமலம் கழித்திருந்தான், எடையும் நன்றாக ஏறியிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். நான்காம் நாள் பாட்டி பதற்றத்தோடு தொலைபேசியில் அழைத்தார். இன்னும் பொறுங்கள் அம்மா என்றேன். ஆறாம் நாள் துணி நிறையப் போய்விட்டான்.

இந்த மாத்திரை கெட்ட பொருள் அல்ல. இடுப்பு எலும்பு அறுவைசிகிச்சைக்குப் பின் படுத்தே இருக்கும் பெரியவர், வலி மாத்திரையால் மலம் இறுகி ஆசனவாய் அருகே அடைத்து நிற்கும் நோயாளி போன்றவர்களுக்கு எப்போதாவது ஒன்று வைப்பது நல்ல உதவி. இடப்பக்கம் படுக்கவைத்து, மாத்திரையை நீரில் நனைத்து, மலத்துக்குள் குத்தாமல் குடல் சுவரில் படும்படி வைத்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் வேலை செய்யும். ஆனால் காரணம் தெரியாத வயிற்றுவலியும் வாந்தியும் இருக்கும்போது மாத்திரையோ எனிமாவோ கூடவே கூடாது. அது குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருக்கலாம்.

எனிமாவில்தான் எனக்கு அதிக பயம். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா குடலைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வராமல் உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி, வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதைத் தரவே கூடாது என்றும், 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. சிறுநீரக நோயாளிகளும், நீரிழப்பில் இருப்பவர்களும், நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதல் எனிமா வெளியே வரவில்லை என்று இரண்டாவதைக் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அந்த நேரத்தில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. வெறும் நீரைக் குழந்தைக்கு எனிமாவாகக் கொடுப்பதும் பாதுகாப்பல்ல; நீர் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

குழந்தைக்குப் புழுக்கை போல இறுகிய மலம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையென்றால் குழந்தைகளுக்கான சிறிய மாத்திரையை அவரே ஒருமுறை எழுதித் தருவார். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் கழிக்காத குழந்தை, வயிறு உப்பிய குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை ஆகியோர் விஷயத்தில் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு மாத்திரை வைத்தால் மலம் வந்துவிடும். அதனாலேயே அறுவைசிகிச்சை தேவைப்படும் அந்த நோய் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும்.