சேற்று எரிமலை: எரியாத மலைக்கு ஒரு சொல் விளக்கம்

‘சேற்று எரிமலை’ என்ற சொல் பாடநூல்களிலும் செய்திகளிலும் ஊன்றிவிட்டது. ‘மண் எரிமலை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் ‘எரி’ ஒட்டிக்கொண்டிருப்பதால், உருகிய பாறைக்குப் பதிலாகச் சேற்றைக் கக்கும் எரிமலை என்றே படிப்பவர் நினைப்பார். உண்மையில் இதற்கும் மாக்மாவுக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை.

குழப்பம் மூலச்சொல்லிலேயே தொடங்குகிறது. ரோமானியரின் தீக்கடவுள் வல்கன். அவர் பெயரைக் கொண்டது இத்தாலியின் வல்கேனோ தீவு. அந்தப் பெயரே ஐரோப்பிய மொழிகளில் எரிமலைக்குப் பொதுச்சொல்லானது. கூம்பு வடிவத்தையும் உச்சியில் இருக்கும் வாயையும் பார்த்து, சேறு கக்கும் குன்றுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். இத்தாலியர்களிடம் அதைவிடப் பொருத்தமான சொல் முன்பே இருந்தது. மோதெனா அருகே சேறு குமிழும் இடங்களை அவர்கள் ‘சால்சே’ என்கிறார்கள். வெளிவரும் நீரின் உப்புச் சுவையால் வந்த பெயர் அது. நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்: கடலடியில் படிந்த களிமண்ணுக்குள் சிக்கிய பழைய நீர் அது.

இவ்வகைக் குன்றுகள் மிகச் செறிந்திருக்கும் இடம் அசர்பைஜான். நிலத்திலும் காஸ்பியன் கடலடியிலுமாகச் சுமார் 400 இருக்கின்றன. அங்கே ஆழத்தில் மைக்கோப் என்ற களிப்பாறைத் தொகுதி கிடக்கிறது. கரிமப்பொருள் நிறைந்த, கருமையான பாறை அது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அதுவே தாய்ப்பாறை, மேலே வரும் சேற்றுக்கும் அதுவே முதன்மை ஊற்றுக்கண். ஏறத்தாழ 55 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும் சில கிலோமீட்டர் தடிமனில் அதன்மேல் வேகமாகக் குவிந்தன. இந்த வேகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

புதிதாகப் படிந்த களியில் பாதிக்கு மேல் நீர்தான். மேலே சுமை ஏறும்போது அந்த நீர் பிழிந்து வெளியேற வேண்டும். மெதுவாக ஏறினால் நீருக்கு அவகாசம் கிடைக்கும், களி இறுகிப் பாறையாகும். ஆனால் களியின் நுண்துளைகள் வழியே நீர் நகர்வது மிக மெதுவாக. சுமை அதைவிட வேகமாக ஏறினால் நீர் உள்ளேயே அடைபட்டுப் போகிறது.

3 கிலோமீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வளவு உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் சுமார் 300 பார். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம். மேலிருக்கும் பாறையும் நீரும் சேர்ந்த மொத்தச் சுமை சுமார் 660 பார். இயல்பான நிலையில் துளைநீர் 300 பாரைத் தாங்கும், மீதி 360 பாரைக் களித்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தித் தாங்கும். நீர் வெளியேற முடியாத இடத்தில் அதன் அழுத்தம் 600 பார் வரை போகலாம். அப்போது துகள்கள் தாங்குவது வெறும் 60 பார். அதாவது 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்தும் களி இறுகாமல் இளகியே கிடக்கிறது. மேலிருக்கும் பாறையைவிட அடர்த்தியும் குறைவாக இருக்கிறது. இதைத்தான் துறையினர் மிகையழுத்தம் என்கிறார்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் அதற்கு வலுச் சேர்க்கின்றன. வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஸ்மெக்டைட் என்ற களிக்கனிமம் மெல்ல இல்லைட்டாக மாறத் தொடங்கித் தன் அடுக்குகளுக்கிடையே பிடித்திருந்த நீரை விடுகிறது. ஏறக்குறைய அதே வெப்பத்தில் கரிமப்பொருளும் எண்ணெயாகத் தொடங்குகிறது. இன்னும் சூடேறினால் வாயு பிறக்கிறது. அடைத்த பாத்திரத்துக்குள் புதிது புதிதாகப் பாய்மம் உண்டாவது போல அழுத்தம் ஏறுகிறது.

அழுத்தம் மட்டும் போதாது, வழியும் வேண்டும். அசர்பைஜானில் புவித்தட்டுகளின் நெருக்கத்தால் படிவுகள் மடிந்திருக்கின்றன. மேல்நோக்கி வளைந்த மடிப்பின் முகட்டில் பிளவுகள் அதிகம், பெரும்பாலான சேற்றுக் குன்றுகளும் அந்த முகடுகளின்மேல்தான் நிற்கின்றன. பிளவு திறந்ததும் வாயு, நீர், களி மூன்றும் சேர்ந்து ஏறும். சேற்றைத் தூக்குவதில் பெரும்பங்கு வாயுவுக்கு. 1 கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 100 பார் அழுத்தத்தில் இருக்கும் ஒரு குமிழி மேற்பரப்புக்கு வருவதற்குள் ஏறத்தாழ நூறு மடங்கு விரிகிறது. அதில் கடைசிப் பத்து மடங்கு விரிவு முழுவதும் மேலுள்ள 100 மீட்டருக்குள் நிகழ்கிறது. அதனால்தான் ஆழத்தில் மெதுவாக ஏறும் சேறு வாய்க்கு அருகில் சீறுகிறது. வழியில் பெயர்த்தெடுத்த பாறைத்துண்டுகளும் கூடவே வரும். அவற்றிலுள்ள நுண்புதைபடிவங்களைப் பார்த்து எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். துளையிடாமல் கிடைக்கும் ஆழ்மாதிரி என்பதால் எண்ணெய் தேடுபவர்கள் இவற்றை விட்டுவைப்பதில்லை.

அசர்பைஜானின் தஷ்கில் குன்றில் சேறு எந்நேரமும் குமிழ்ந்துகொண்டிருக்கிறது. பார்த்தால் கொதிப்பதுபோல் இருக்கும், ஆனால் தொட்டால் குளிர்ச்சி. குமிழ வைப்பது சூடு அல்ல, மீத்தேன். தலைநகர் பாக்குவுக்கு அருகேயுள்ள லோக்பத்தான் குன்று இதற்கு நேரெதிர். பல ஆண்டுகள் ஓசையே இல்லாமல் கிடக்கும். வாயில் காய்ந்த களி அடைப்பாகி, கீழே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். அடைப்பு பிய்த்துக்கொள்ளும்போது பாறைகள் உரசும் பொறியில் வாயு பற்றிக்கொள்கிறது. 2001 அக்டோபரில் அப்படித்தான் தீப்பிழம்பாக வெடித்தது. ‘எரி’ என்ற அடைக்கு நியாயம் கிடைப்பது இந்த ஒரு கட்டத்தில்தான். ஆகவே சேறு குமிழும் குன்றைவிட ஓய்ந்து கிடக்கும் குன்றிடமே அதிகம் எச்சரிக்கை வேண்டும்.

சேறே இல்லாமல் வாயு மட்டும் வரும் இடமும் உண்டு. பாக்குவுக்கு வடக்கே யனார்தாக் குன்றின் அடிவாரத்தில் தீ வரிசையாக எரிகிறது. அங்கே வாயு நுண்துளையுள்ள மணற்பாறை வழியாக வருவதால் களியைத் தூக்கிவர வேண்டியதில்லை. சுராகானியில் இந்திய வணிகர்கள் வழிபட்ட ஆதேஷ்கா தீக்கோயிலும் இப்படிப்பட்ட ஊற்றின்மேல் எழுந்ததே. சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து இயற்கைத் தீ அணைந்தது. இப்போது எரிவது குழாய் வாயு.

இனி சொல்லுக்கு வருவோம். ‘வாயுக் கசிவு’ என்று எழுதினால் தமிழ் வாசகர் மனத்தில் தொழிற்சாலை விபத்துதான் நிற்கும். ‘இயற்கை வாயுக் கசிவு’ என்றால் குழாய் உடைந்ததா, நிலம் விட்டதா என்றே தெரியாது. நிலத்திலிருந்து தானாக வருவதற்கு ‘எரிவாயு ஊற்று’ என்பதே தெளிவு. குன்றுக்கு ‘சேறுமிழ் குன்று’ பொருந்தும், சிறு கூம்புகளை ‘சேற்றுக் குமிழி’ எனலாம். ‘புதைசேறு’ வேறு, அது உமிழாது. பழகிய ‘சேற்று எரிமலை’யை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை, முதல் முறை அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். அந்தமானைப் பற்றி எழுதும்போதோ இந்த வேறுபாடு கட்டாயம். பாரன் தீவில் இருப்பது உண்மையான எரிமலை, பாராடாங் தீவில் இருப்பது சேறுமிழ் குன்று. இரண்டையும் ‘அந்தமான் எரிமலை’ என்று ஒரே தலைப்பில் போட்டால் லாவாவும் களியும் ஒன்றாகிவிடும்.

எந்தச் சொல்லுக்கும் முழுதாக அடங்காத ஒன்றும் இருக்கிறது. 2006 மே 29 அன்று இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் சிதோவார்ஜோவில், எரிவாயுவுக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த கிணற்றுக்கு அருகில் சேறு பீறிட்டது. உச்சத்தில் நாளொன்றுக்கு 1,80,000 கனமீட்டர். காரணம் துளையிடலா, இரண்டு நாள் முன்பு யோக்யகர்த்தாவில் வந்த நிலநடுக்கமா என்ற விவாதம் ஓயவில்லை. அந்தச் சேறு வெளிவந்தபோது ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் சூடாக இருந்தது. அருகிலுள்ள அர்ஜுனோ-வெலிராங் எரிமலைத் தொகுதியின் வெப்ப நீரும் இதில் கலப்பதாக வாயு ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே மட்டும் ‘எரி’யை எடுத்துவிட எனக்குத் துணிவில்லை.