கண்டெய்னருக்குள் ஒரு சொத்தைக் கடலை

"சார், இங்கே லேப் ரிப்போர்ட்ல அஃப்ளாடாக்சின் இல்லவே இல்லைன்னு வந்துச்சு. அதே சரக்கை ராட்டர்டாம்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. யார் பொய் சொல்றாங்க?"

திண்டிவனம் பக்கத்திலிருந்து நிலக்கடலைப் பருப்பு ஏற்றுமதி செய்யும் வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். கூடவே இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகலும் இருந்தது. உள்ளூர் ஆய்வகம் ஒரு கிலோ மாதிரியில் சோதித்து "அளவிடும் எல்லைக்குக் கீழே" என்று எழுதியிருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இரண்டு மாதிரிகளைச் சோதித்திருக்கிறார்கள். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் பி1 வகை கிலோவுக்கு 6.1 மைக்ரோகிராம். அப்படியே சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் பி1 அளவு 2 மைக்ரோகிராம்தான். 19 டன் சரக்கு அங்கேயே நிற்கிறது, வாடகை தினமும் ஏறுகிறது. வெள்ளைக்காரன் விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறான் என்பது அவர் சந்தேகம்.

நாடகம் எங்கேயும் நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரண்டு தாள்களையும் பார்த்தால் யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. கடலை அப்படிப்பட்ட சரக்கு.

அஃப்ளாடாக்சின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான நஞ்சு இது. மானாவாரிக் கடலை கடைசி ஒரு மாதம் மழையில்லாமல் காய்ந்தாலோ, பிடுங்கிய காயை ஈரத்தோடு குவித்து வைத்தாலோ பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த விஷயம். இந்த நஞ்சு சரக்கு முழுக்கப் பரவி இருப்பதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சரிதான், ஏனென்றால் பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்தது. கடலை அப்படி ஒரே பானையில் வேகவில்லை. ஒவ்வொரு பருப்பும் தனி ஓட்டுக்குள், மண்ணுக்கடியில், தன் பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு காயில் புழு ஓட்டை போட்டது, இன்னொரு காயில் ஓடு விரிசல் விட்டது, பக்கத்துக் காய் பத்திரமாக இருந்தது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான பருப்பில்தான் நஞ்சு இருக்கும். இருக்கும் அந்த ஒன்றில் அள்ளிக்கொட்டியது போல இருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற வீதத்தில்கூட அளந்திருக்கிறார்கள். கைப்பிடிக் கடலை தின்னும்போது திடீரென்று ஒன்று கசந்து, முகம் சுளித்துத் துப்புவோமே, நஞ்சு பெரும்பாலும் அந்த மாதிரி சொத்தைக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். 19 டன் கண்டெய்னரில் 3 கோடியே 80 லட்சம் பருப்புகள். சரக்கின் உண்மையான சராசரி பி1 கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், அதாவது ஐரோப்பிய வரம்பில் சரிபாதி. நல்ல சரக்கு. கண்டெய்னர் முழுவதிலும் சேர்த்து நஞ்சின் எடை 19 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஒரு அரிசியின் எடை.

அந்த ஒரு அரிசி எடை நஞ்சு எத்தனை பருப்புகளில் இருக்கிறது? சொத்தை ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோகிராம் என்று வைப்போம். நான் சொன்ன உச்ச அளவில் இது பத்தில் ஒரு பங்குதான். அப்படியானால் மொத்தம் 380 சொத்தைகள். லட்சம் பருப்புக்கு ஒன்று. நிஜத்தில் எல்லாச் சொத்தையிலும் ஒரே அளவு இருக்காது, ஆனால் விஷயம் புரிய இது போதும்.

இப்போது மாதிரி எடுக்கலாம். ஐரோப்பிய முறையில் 15 டன்னுக்கு மேற்பட்ட கடலைச் சரக்கில் 100 இடங்களில் 200 கிராம் வீதம் எடுத்து 20 கிலோ சேர்ப்பார்கள். அப்படியே சாப்பிடும் கடலையென்றால் அதை இரண்டு 10 கிலோவாகப் பிரித்துத் தனித்தனியே சோதிப்பார்கள். இரண்டுமே தேற வேண்டும். 20 கிலோவில் 40,000 பருப்புகள் இருக்கும். லட்சத்துக்கு ஒரு சொத்தை என்றால் இந்த 20 கிலோவுக்குள் சராசரியாக 0.4 சொத்தை வரும். ஒன்றுகூட மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பை, அரிதாக நடப்பதைக் கணிக்கும் பாய்சான் கணக்கு இப்படித் தருகிறது:

e^(−0.4) ≈ 0.67

மூன்றில் இரண்டு முறை சரக்கு தேறும். மூன்றில் ஒரு முறை ஒரு சொத்தையாவது மாதிரிக்குள் விழுந்துவிடும். 10 கிலோவில் ஒரே ஒரு சொத்தை விழுந்தால் 50-ஐப் பத்தால் வகுத்து 5 மைக்ரோகிராம் காட்டும். வரம்பு 2. ரிஜெக்ட். வரம்பில் பாதியே உள்ள நல்ல சரக்கு!

இதையே தலைகீழாகப் பாருங்கள். சரக்கு நிஜமாகவே மோசம், சராசரி 4 மைக்ரோகிராம், வரம்பைப்போல் இரு மடங்கு. அதிலிருந்து உள்ளூரில் ஒரு கிலோ மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். சராசரி 4 என்றால் லட்சத்துக்கு 4 சொத்தை. ஒரு கிலோவில் 2,000 பருப்புகள், எதிர்பார்க்கும் சொத்தை 0.08. நூற்றுக்கு 92 முறை "இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். ஆய்வகம் நேர்மையாக, துல்லியமாக, கோடி ரூபாய் மெஷினில் சோதித்துத்தான் "இல்லை" என்று எழுதும். அந்த ஒரு கிலோவில் இல்லை, அவ்வளவுதான்.

நண்பரின் 6.1-க்கு வருவோம். 10 கிலோவில் கிலோவுக்கு 6.1 என்றால் மொத்தம் 61 மைக்ரோகிராம். அதற்கு ஒரு சொத்தை போதும். முதல் 10 கிலோ சுத்தமாக இருந்து இரண்டாவது மாட்டியதும் இந்தக் கதையோடு பொருந்துகிறது. ஆனால் இதை வைத்துச் சரக்கு நல்லது என்றோ கெட்டது என்றோ அடித்துச் சொல்ல முடியாது. பாதி வரம்புச் சரக்கும் இந்த முடிவைத் தரும், இரு மடங்குச் சரக்கும் தரும்.

மறுசோதனை கேட்கலாமா என்று அவர் கேட்டிருந்தார். கேட்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தகராறு வந்தால் சோதிக்க வைத்திருக்கும் மாதிரி, வழக்கமாக அதே 10 கிலோவை அரைத்துக் கலக்கிய மாவிலிருந்து எடுத்ததுதான். அந்தச் சொத்தை ஏற்கெனவே மாவாகி எல்லாப் பக்கமும் கலந்துவிட்டது. அரைத்த மாவுக்கு ஒரு சோறு பதம் பொருந்தும். ஆக மெஷினில் கோளாறு இருந்திருந்தால்தான் மறுசோதனை காப்பாற்றும், அதிர்ஷ்டம் கெட்டதற்கு அது மருந்தில்லை. அதைவிட, 100 இடங்களில்தான் எடுத்தார்களா, கதவோரம் இருந்த மூட்டைகளில் மட்டும் குத்தினார்களா, 10 கிலோவையும் முழுதாக அரைத்தார்களா என்று எழுத்தில் கேட்பது பயன் தரும்.

நம்மூரில் அடிக்கடி தவறுவதும் இந்த அரைப்பில்தான். 20 கிலோ மாதிரி வந்தால் அதில் 200 கிராம் அள்ளி மிக்ஸியில் போடுகிற இடத்தை நானே பார்த்திருக்கிறேன். முழுதாக அரைக்காமல் அள்ளிய நிமிடமே 20 கிலோ மாதிரி 200 கிராம் மாதிரியாகிவிடுகிறது. என் ஆதங்கம் இது: திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், 10 கிலோ கடலையைத் தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்கும் பெரிய கிரைண்டருக்கு ஒதுக்கமாட்டேன் என்கிறார்கள். கிரைண்டர் முன்னால் நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

மாதிரியைக் கெடுக்கும் அதே குணம்தான் சரக்கைக் காப்பாற்றவும் செய்கிறது. நஞ்சு சீராகப் பரவியிருந்தால் சரக்கை ஒன்றும் செய்ய முடியாது. சில பருப்புகளில் மட்டும் குவிந்திருப்பதால் அவற்றைப் பொறுக்கி எறிந்தால் போதும். பூஞ்சை பிடித்த பருப்பு பெரும்பாலும் சுருங்கியிருக்கும், நிறம் மங்கியிருக்கும். சிவப்புத் தோல் அதை மறைத்துவிடும். அதனால் லேசாகச் சூடாக்கித் தோலை உரித்து, பிறகு கலர் சார்ட்டரில் விடுவார்கள். சரிவில் வழுக்கி விழும் ஒவ்வொரு பருப்பையும் கேமரா பார்க்கும். நிறம் மாறியிருந்தால் கீழே ஒரு சின்னக் காற்றுக்குழாய் "டப்" என்று ஊதும், அந்தப் பருப்பு விழும் பாதையிலேயே பக்கவாட்டில் தள்ளப்படும். கூடவே நாலைந்து நல்ல பருப்பும் போகும், போகட்டும். வெளியே நன்றாகவும் உள்ளே பூஞ்சையோடும் இருக்கும் சில பருப்புகள் தப்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்காகவே ஐரோப்பிய விதியில் இன்னொரு வகை இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன் தரம் பிரிக்கப்போகிற கடலை என்று அறிவித்து அனுப்பினால் பி1 வரம்பு 8, எல்லா அஃப்ளாடாக்சினும் சேர்த்து 15. அந்த வகையில் சராசரியைத்தான் பார்ப்பார்கள். நண்பரின் இரண்டு மாதிரிகளின் பி1 சராசரி 3 சொச்சம். அவர் முதலிலேயே அப்படி அறிவித்திருந்தால் பி1 கணக்கில் இதே சரக்கு, இதே மாதிரியோடு தேறியிருக்கும். இப்போதும் அந்நாட்டு அதிகாரிகள் அனுமதித்தால் அங்கேயே தரம் பிரித்துத் திரும்பச் சோதிக்கக் கேட்கலாம், இல்லையென்றால் எண்ணெய் ஆலைக்குத் திருப்பக் கேட்கலாம், அதுவும் இல்லையென்றால் திரும்பக் கொண்டுவரலாம். நல்ல சரக்கோடு கலந்து சராசரியைக் குறைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே அது சட்டப்படி தடை.

அடுத்த லோடுக்கு அவருக்கு நான் எழுதியது: மூட்டை அடுக்கியபின் குத்தி எடுக்காமல், சார்ட்டரிலிருந்து பருப்பு ஓடி வரும்போதே சீரான இடைவெளியில் 200 கிராம் வீதம் 100 முறை பிடியுங்கள். 19 டன்னில் 20 கிலோ ஆயிரத்தில் ஒன்றுதான். முழுதாக அரைக்கும் ஆய்வகத்தை மட்டும் தேடுங்கள். பையர் எந்த முறையில் மாதிரி எடுப்பாரோ அதே முறையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு 10 கிலோவில் ஒன்றில் ஏதாவது தெரிந்தால், சராசரி தேறினாலும்கூட, மீண்டும் சார்ட்டரில் விடுங்கள். தேறும்வரை புதுப்புது மாதிரி அனுப்பிப் பார்ப்பது சூதாட்டம், சரக்கு அதனால் மாறுவதில்லை.

"திரும்பி வந்தால் வறுத்து இங்கேயே வித்துடலாமா, வறுத்தா விஷம் போயிடும்னு சொல்றாங்க" என்று பின்குறிப்பில் கேட்டிருந்தார். போகாது, கொஞ்சம் குறையும். வெயிலில் காயப்போட்டால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஏற்கெனவே உண்டான நஞ்சு அங்கேயேதான் இருக்கும். செக்கில் ஆட்டினாலும் கதை முடியவில்லை. சுத்திகரிக்கும் ஆலையில் எண்ணெயில் மிஞ்சியதையும் காரம் சேர்த்து நீக்கிவிடுவார்கள், மரச்செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. பெரும்பகுதி நஞ்சு பிண்ணாக்கில் தங்கும். அந்தப் பிண்ணாக்கை மாடு தின்றால் ஒரு பங்கு எம்1 என்ற வேறு உருவில் பாலில் இறங்கும். ராட்டர்டாமில் இறங்காத சரக்கு நம் வீட்டு டம்ளருக்கு வரும் வழி அது.